ஒரு கிலோவில் இத்தனை மில்லி சாறு: புளியங்குடி எலுமிச்சையை வாட்ஸ்அப்பில் விற்க ஒரே ஒரு வாக்கு

தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி பகுதி விவசாயிகள் சிலர் இப்போது எலுமிச்சையை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக நேரடியாக விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் போடும் பதிவுகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இயற்கை, தரமானது, ஆரோக்கியமானது, நியாயமான விலை என்று நான்கைந்து சொற்கள் இருக்கும். இதே சொற்களைத்தான் காய்கறி விற்கும் பெரிய செயலிகளும் நம்மைவிட அழகான படத்தோடு போடுகின்றன. அதே சொல்லை நாமும் சொன்னால் வாங்குபவர் விலையைத்தான் ஒப்பிடுவார். விலையில் அவர்களை நாம் வெல்ல முடியாது.

அப்படியானால் எதைச் சொல்வது? வாங்குபவர் தன் வீட்டுச் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை, பெரிய நிறுவனம் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எலுமிச்சையில் அது சாறுதான்.

செயலிகளில் வரும் பழம் பல ஊர், பல தோட்டம், பல நாள் பறிப்பு எல்லாம் கலந்தது. அடுத்த பையில் எவ்வளவு சாறு இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரே தோட்டம், ஒரே நாள் பறிப்பு என்று அனுப்பும் உங்களுக்குத் தெரியும். நம் பகுதியின் கடையம் ரக எலுமிச்சை சாற்றுக்குப் பெயர் பெற்றது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 ரகமும் கடையம் பகுதி மரத்திலிருந்து தேர்வு செய்யப்பட்டதுதான்.

பால் விற்பனையில் இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. ஆரோக்யா பால், கூட்டுறவின் ஆவினோடு போட்டியிட்டபோது "நாலரைப் பால்" என்ற ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. நாலரை என்பது கொழுப்புச் சதவீதம். ஆவினின் பச்சைப் பாக்கெட்டிலும் அதே நாலரை சதவீதம்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணை முதலில் உரக்கச் சொன்னவரோடுதான் மக்கள் அதைச் சேர்த்து நினைவில் வைத்தார்கள்.

எண்ணை எப்படி முடிவு செய்வது?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு நல்ல பழத்தைப் பிழிந்து பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லக் கூடாது. தோட்டத்தின் வெவ்வேறு மரங்களிலிருந்து பறித்து, ஒவ்வொன்றும் ஒரு கிலோவாகப் பத்துப் பைகள் எடுங்கள். உடனே பிழியாமல், வாங்குபவர் வீட்டில் இருப்பதுபோல மூன்று நாள் அறையில் வையுங்கள். பிறகு எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரணப் பிழிவானால் பிழிந்து, விதையை மட்டும் எடுத்துவிட்டு, மில்லி கோடு போட்ட குவளையில் அளந்து, பத்து எண்ணையும் எழுதி வையுங்கள்.

உதாரணமாக, பத்துப் பைகளில் குறைந்தது 390 மில்லி, அதிகபட்சம் 460, சராசரி 425 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 425 என்று விளம்பரம் செய்தால் அனுப்பும் பைகளில் ஏறக்குறைய பாதி அந்த அளவுக்குக் கீழே போகும். 390 என்றாலும் ஆபத்துதான். சோதித்தது பத்துப் பைதான், அனுப்பப் போவது நூற்றுக்கணக்கில். ஆகவே குறைந்த எண்ணிலிருந்தும் பத்து சதவீதம் கழித்து 350 என்று வைப்பது பாதுகாப்பு. "ஒரு கிலோவில் 350 மில்லி சாறு, குறைந்தால் முழுப் பணம் வாபஸ்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். அளக்கும் முறையையும் அதன் கீழே சொல்லுங்கள்: பழத்தை மேசையில் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டிப் பிழிந்து, விதையை மட்டும் எடுத்து அளக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ஒருவர் வடிகட்டியும் இன்னொருவர் வடிகட்டாமலும் அளந்து தகராறு வரும்.

பணம் வாபஸ் என்றதும் பயம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 120 ரூபாய் என்று வைத்து வாரம் 100 கிலோ அனுப்பினால் வரவு 12,000 ரூபாய். மூன்று பேர் பணம் கேட்டால் 360 ரூபாய் போகும், அதாவது நூற்றுக்கு மூன்று. வாரம் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால் வாக்கில் தவறு இல்லை, பறிப்பில்தான் தவறு என்று புரிந்துகொள்ளலாம்.

பறிப்பும் அனுப்புதலும்

கரும்பச்சையாக, தோல் சொரசொரப்பாக இருக்கும் காயில் சாறு குறைவு. வெளிர்பச்சையாக மாறி, தோல் வழவழப்பாகி, மஞ்சள் தட்டத் தொடங்கும் பழத்தில்தான் சாறு நிறைந்திருக்கும். பனி ஈரம் காய்வதற்கு முன்பு அதிகாலையில் பறிக்காதீர்கள். அப்போது தோல் விறைப்பாக இருப்பதால் கை பட்ட இடத்தில் எண்ணெய்ச் சுரப்பி உடைந்து, இரண்டு நாளில் பழுப்புத் திட்டாகத் தெரியும். ஈரம் காய்ந்த பிறகு பறித்து, நிழலில் தரம் பிரித்து, மாலை பஸ் பார்சலில் போட்டால் சென்னைக்கு மறுநாள் காலையில் போய்விடும். வழியில் ஈரம் ஆவியாகி எடை குறையும் என்பதால் ஒரு கிலோ பைக்கு 1,050 கிராம் போடுங்கள்.

சொறி நோய்ப் புள்ளி உள்ள பழங்களும் பையில் சில இருக்கும். "தோலில் புள்ளி இருக்கலாம், சாறு குறையாது" என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். குறையை ஒளிக்காதவர் சொல்லும் எண்ணை மக்கள் நம்புவார்கள். நம் ஊரில் பலர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், எனக்கு அது புரிந்ததே இல்லை.

பதிவில் அலங்காரம் வேண்டாம். தராசில் ஒரு கிலோ, அருகே அன்றைய தேதி எழுதிய அட்டை, பழம் வெட்டுவது, குவளையில் சாறு ஏறுவது என எல்லாவற்றையும் நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வாரம் ஒருமுறை போடுங்கள். அந்த வாரம் 372 வந்தால் 372 என்றே காட்டுங்கள். குற்றாலம் சீசனில் வெளியூர்க்காரர்கள் குவிகிறார்கள். அங்கே ஒரு கிலோ பையோடு வாட்ஸ்அப் எண்ணை அச்சிட்ட சீட்டையும் கொடுத்தால், ஊர் திரும்பியபின் ஆர்டர் போடுபவர்கள் அவர்களில் இருந்து கிடைப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சின்னத்தைப் பையில் போட, அதைப் பயன்படுத்தும் உரிமைக்குத் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். சாற்று வாக்கோடு புற்றுநோய் தீரும், சர்க்கரை குறையும் என்று எதையாவது சேர்த்துவிடாதீர்கள். அது சட்டப்படி சிக்கல். அதோடு, சோதிக்க முடியாத ஒரு வரி சோதிக்கக்கூடிய வரியையும் சந்தேகத்தில் தள்ளிவிடும்.

கோடையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தண்ணீர் குறைந்தால் பழம் சிறுத்து சாறும் குறையும், சந்தை விலையோ அப்போதுதான் ஏறும். அந்த நேரத்தில் ஆர்டரை நிரப்பச் சந்தையில் வாங்கிக் கலந்து அனுப்பும் ஆசை வரும். அப்படி அனுப்பிய முதல் வாரத்திலேயே தடித்த தோல், சாறு இல்லை என்ற புகார்கள் வந்துவிடும், வாக்கு அத்தோடு முடிந்தது. அதற்குப் பதில் பத்துப் பைச் சோதனையை மார்ச்சில் மீண்டும் செய்து, "இந்த மாதம் 300 மில்லி" என்று புது எண்ணை முன்கூட்டியே அறிவியுங்கள். 300-க்கும் கீழே போனால் மழை வரும்வரை ஆர்டரை நிறுத்திவைத்து, பழத்தைச் சந்தைக்கு அனுப்பிவிடலாம்.