மாநாட்டு நிகழ்வறிக்கை

மாநாட்டு நிகழ்வறிக்கை என்பது பல நாட்கள் நடைபெறும் மாநாடு அல்லது பயிலரங்கின் அமர்வுகள், அவற்றில் எட்டிய முடிவுகள், நிறைவில் ஏற்கப்பட்ட பரிந்துரைகள் ஆகியவற்றைச் சுருக்கித் தரும் ஆவணம் ஆகும். படிக்கப்பட்ட கட்டுரைகளை முழுமையாக வெளியிடும் ஆய்வுக்கோவை வேறு வகையைச் சேர்ந்தது.

உலகத் தமிழ் மாநாட்டு வரிசையில் மூன்றாவது மாநாடு 1970 இல் பாரிசில் நடைபெற்றது. அதன் கட்டுரைத் தொகுப்பைத் தனிநாயகம் அடிகளும் பிரான்சுவா குரோவும் பதிப்பிக்க, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1973 இல் வெளியிட்டது. ஆய்வுக்கோவைக்கு மூன்றாண்டு இடைவெளி ஒரு குறையன்று. கட்டுரைகள் அதனால் பழையவை ஆகிவிடுவதில்லை. நிகழ்வறிக்கைக்கு அந்த வசதி கிடையாது. பரிந்துரையைச் செயற்படுத்த வேண்டியவர் கைக்கு அது சில வாரங்களிலேயே போய்ச் சேர வேண்டும்.

இதனால் அறிக்கையின் வேலை முதல் நாளே தொடங்குகிறது. ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு குறிப்பாளர் அமர்த்தப்படுகிறார். அவர் அன்று மாலையே ஒரு பக்கக் குறிப்பை எழுதி, அமர்வுத் தலைவரிடம் காட்டிச் சரிபார்க்கிறார். மூன்றாம் நாள் நினைவிலிருந்து எழுதினால், கடைசியாகப் பேசியவரும் உரக்கப் பேசியவரும் மட்டுமே அறிக்கையில் நிற்பார்கள்.

குறிப்பில் மூன்றைப் பிரித்துக் காட்டுவதே கடினமான பகுதி: ஒருவர் சொன்னது, அவை ஒப்புக்கொண்டது, பிறரைச் செய்யும்படி கேட்பது. புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது பற்றி மூன்று நாள் பயிலரங்கு நடப்பதாகக் கொள்வோம். சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும் என்று இரண்டாம் அமர்வில் ஒரு பொறியாளர் கூறுகிறார். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்று வீட்டுக்காரர் ஒருவர் மறுக்கிறார். இவை இரண்டும் கருத்துகள். இத்தகைய சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சைத் தவிர்க்கலாம் என அவை ஒப்புக்கொண்டால் அது முடிவு. செலவை யார் ஏற்பது என்பதில் ஒப்புதல் ஏற்படவில்லை என்றால், அதையும் அப்படியே எழுத வேண்டும். "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று எழுதி மூடிவிடுவது பல அறிக்கைகளில் காணப்படும் பழக்கம். படிப்பவருக்கு அதனால் ஒன்றும் தெரியாது.

"பழைய வீடுகள் பாதுகாக்கப்பட வேண்டும்" என்பது பரிந்துரை ஆகாது. அதில் செய்பவர் யாருமில்லை. "சுண்ணாம்புப் பூச்சில் கொத்தனார்களுக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு பயிற்சியை நகராட்சி நடத்தலாம் (அமர்வு 2)" என்றால், யார், என்ன, எப்போது என்ற மூன்றும் தெரிகின்றன.

அடைப்புக்குறியிலுள்ள அமர்வு எண் ஒரு சோதனையும்கூட. எந்த அமர்வு எண்ணையும் இட முடியாத பரிந்துரை, பெரும்பாலும் நிறைவுரை ஆற்றிய விருந்தினரின் விருப்பமாகவோ அமைப்பாளர்கள் முன்கூட்டியே எழுதி வைத்ததாகவோ இருக்கும். அதை நீக்கலாம், அல்லது அவரவர் பெயரிலேயே தனியாகக் குறிக்கலாம். இதற்காகவே பரிந்துரை வரைவு நிறைவு அமர்வில் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. விழா நேரம் நீண்டால் முதலில் கைவிடப்படுவதும் இந்த வாசிப்புதான்.