டேட்டா பிளான்: உங்களுக்கு எத்தனை ஜிபி தேவை?

மொபைல் ஹாட்ஸ்பாட் மூலம் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்ப்பவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று தினமும் 2 ஜிபி தரும் பிளானைப் போடுகிறார்கள். இதில் அன்று மிஞ்சும் டேட்டா மறுநாளுக்கு வராது. எனவே ரீசார்ஜ் செய்யும் முன், உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் Settings திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் Data usage என்று டைப் செய்யுங்கள். மொபைல் டேட்டாவின் மாதக் கணக்கும், எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்ற பட்டியலும் வரும். வைஃபை கணக்கு தனி. அதைச் சேர்க்க வேண்டாம்.

போடிநாயக்கனூரில் இருக்கும் என் மாமாவின் போனை இப்படிப் பார்த்தேன். வாரத்தில் நான்கு நாள் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருப்பார். அங்கே சரிவுகளில் சிக்னல் கிடைப்பதே அரிது. அவர் பிளான் 28 நாளைக்கு 56 ஜிபி. ஒரு மாதத்தில் செலவானதோ 9.4 ஜிபி! அதில் யூடியூப் 4.1, வாட்ஸ்அப் 1.6, Hotspot & tethering 2.9, மற்றவை 0.8.

ஹாட்ஸ்பாட் கணக்கு அவருடைய புது லேப்டாப்புடையது. மெயில் மட்டும் பார்ப்பவருக்கு 2.9 ஜிபி அதிகம். ஹாட்ஸ்பாட்டைச் சாதாரண வைஃபை என்று நினைத்து விண்டோஸ் தன் அப்டேட்களை இறக்கியிருந்தது. லேப்டாப்பில் Settings → Network & internet → Wi-Fi சென்று, அந்த ஹாட்ஸ்பாட்டின் properties பக்கத்தில் Metered connection என்பதை On செய்தேன். பெரும்பாலான அப்டேட்கள் அதில் இறங்காது. வைஃபை உள்ள இடத்தில் அவ்வப்போது அப்டேட் செய்துகொள்ள வேண்டும். அடுத்த மாதம் மொத்தமே 7.2 ஜிபி.

சராசரி பார்த்தால் நாளுக்கு கால் ஜிபிதான். ஆனால் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வாரம், இரவு படுக்கும் முன் உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் அன்றைய செலவைக் குறித்து வையுங்கள். மாமாவுக்குத் தோட்டத்தில் ஏறக்குறைய பூஜ்யம். ஊரில் இருக்கும் நாளில் 1.1 ஜிபி வரை போனது. தினம் 1 ஜிபி பிளான் போட்டால் ஊரில் பற்றாது, மலையில் வீணாகும். இப்படி ஏறி இறங்கும் செலவுக்கு, தினசரி வரம்பில்லாத மொத்த டேட்டா பிளானே பொருந்தும். கால் பங்கு கூட்டி, 9 ஜிபிக்குக் குறையாமல் தேடினோம். அந்த அளவில் கிடைக்காவிட்டால் சிறிய பிளானுடன் டேட்டா வவுச்சரைச் சேர்த்து விலையைக் கூட்டிப் பாருங்கள்.

ஒப்பிடும்போது விலையை நாட்களால் வகுங்கள். 28 நாள் பிளானுக்கு வருடத்தில் 12 அல்ல, 13 ரீசார்ஜ்!

வீட்டில் யாருக்காவது மொபைல் டேட்டா கணக்கு பூஜ்யமாக வந்தால், அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள வவுச்சரைக் கேளுங்கள். அப்படி ஒன்றாவது தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது.