ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எங்கே நிற்பது?

குழந்தை பிறந்து அழுதாயிற்று, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது என்றால் வாசலில் காத்திருக்கும் வீட்டாருக்குக் கவலை தீர்ந்தது. பிரசவ அறை நர்சுக்கு அப்போதுதான் கவலை தொடங்குகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடும். நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் குழாய்களை மூடுவது, கருப்பைத் தசை கல்லாக இறுகுவதுதான். அது இறுகாமல் தளர்ந்துவிட்டால் இரத்தம் நிற்காது. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கில் பத்துக்கு ஏழு இந்தத் தளர்ச்சியால் வருவது. மற்றவை கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுத் துணுக்கு, இரத்தம் உறையாமை.

இதற்கான மருந்துகள் புதியவை அல்ல, விலை கூடியவையும் அல்ல. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு, இருக்கிற மருந்துகளையே வேறு விதமாகக் கையாண்டு பார்த்தது. தாயின் இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை விரித்து இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்தார்கள். ஒரு மருந்து பலிக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்தது என்று போகாமல், எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்கினார்கள். கடும் உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை, இரத்தம் போய் இறப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

ஆனால் பெரிய மருத்துவமனையில் ஓடி வர ஆறு பேர் உண்டு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பத்துப் படுக்கை நர்சிங் ஹோமிலோ ராத்திரி ரெண்டு மணிக்கு இருப்பது ஒரு நர்ஸ், ஒரு பணியாளர் அக்கா; டாக்டர் குவார்ட்டர்ஸில் அல்லது போனில். ஆகவே ஒத்திகையும் அந்த இரண்டு பேரை வைத்து, அந்த அறையிலேயே, ராத்திரி டூட்டியில் நடக்க வேண்டும். மத்தியானம் எல்லா ஊழியர்களையும் கூட்டி வைத்து நடத்துவது போட்டோவுக்குத்தான் உதவும் என்பது என் கருத்து.

அப்படி ஓர் ஒத்திகை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். பகல் டூட்டி நர்ஸ் ஒருவர் தாயாகக் கட்டிலில் படுக்கிறார். நைட்டிக்குள் சிவப்புச் சாயத் தண்ணீர் நிரப்பிய பை, அதில் ஒரு குழாய். ஒரு மூலையில் கடிகாரமும் தாளுமாக ஒரு கண்காணிப்பாளர். அவர் வாய் திறந்து உதவக் கூடாது. மணி 2:10. அளவுப் பையில் 350 மில்லி சேர்ந்ததும் அவர் ஓர் அட்டையைக் காட்டுகிறார்: நாடி 112, ரத்த அழுத்தம் 106/70.

முதல் சோதனை இங்கேதான். பிரஷர் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருந்தால் தோல்வி. இளம் தாயின் உடம்பு ஒரு லிட்டர் வரை போனாலும் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். நாடிதான் முதலில் ஏறும். 500 மில்லி தாண்டினால் உதிரப்போக்கு என்பது பழைய கணக்கு. 300 மில்லியைத் தொட்டதோடு நாடி 100-க்கு மேல் போனாலே சிகிச்சையைத் தொடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டல். அளவுப் பை இல்லாத இடத்தில் நனைந்த துணிகளை எடை போடலாம். காய்ந்தபோது 240 கிராம் இருந்த துணிகள் இப்போது 690 கிராம் என்றால், போன இரத்தம் ஏறக்குறைய 450 மில்லி.

“அக்கா, ரத்தம் ஜாஸ்தி. பெல் அடிங்க, டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க, சிவப்புப் பெட்டிய எடுத்துட்டு வாங்க.” இதைச் சொல்லும்போதே நர்சின் கை தாயின் அடிவயிற்றில் கருப்பையைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அக்கா பதிலுக்கு, “பெல் அடிச்சாச்சு, டாக்டர் லைன்ல இருக்காங்க” என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வேலை நடந்ததா என்று நர்சுக்குத் தெரியாது. குழந்தையை வாங்கிக்கொள்வது துணைக்கு வந்த பாட்டியின் வேலை. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு நிமிடம் தேய்த்ததும் நர்ஸ் கையில் பெரிய ஊசி ஏற்றி, குரூப் பார்க்க ரத்தம் எடுத்து, ஒரு லிட்டர் சலைனில் 20 யூனிட் ஆக்சிடோசின் கலந்து ஓடவிடுகிறார். பெரும்பாலான ஒத்திகைகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. அது இருக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு, சாவி பார்மசிஸ்டிடம், அவர் வீட்டில். மருந்தின் அளவு நர்சுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சாவி இல்லாமல் நான்கு நிமிடம் போய்விடும்.

அடுத்தது டிரானெக்சாமிக் ஆசிட் ஒரு கிராம். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். பத்து நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. சிரிஞ்சில் ஏற்றினால் இருக்கிற ஒரே நர்சின் கை பத்து நிமிடம் மாட்டிக்கொள்ளும். சின்ன சலைன் பாட்டிலில் கலந்து தொங்கவிட்டால் கை விடுபடும். இரண்டு பேரை வைத்து ஒத்திகை பார்த்தால்தான் இது தெரியவரும். விடுபட்ட கையால் நர்ஸ் சிறுநீர்ப்பைக்குக் குழாய் போடுகிறார், ஏனென்றால் நிரம்பிய பை கருப்பையை இறுக விடாது. பிறகு நஞ்சு முழுதாக வந்ததா, எங்காவது கிழிசலா என்று பார்க்கிறார்.

கண்காணிப்பாளர் கையில் உள்ள தாளில் டிக் அடிக்கும் கட்டமே இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மணி எழுதும் இடம் வேண்டும்: உதவிக்கு அழைத்தது, ஆக்சிடோசின் ஓடத் தொடங்கியது, டிரானெக்சாமிக் தொங்கவிட்டது, சிறுநீர்ப்பை காலியானது, 108-க்குச் சொன்னது. “ஆக்சிடோசின் கொடுத்தாயிற்று” என்பதற்கு எல்லோரும் பாஸ். 2:11-க்கு அழைத்து 2:23-க்குத்தான் ஓடியது என்று எழுதினால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

2:25. ரத்தம் நிற்கவில்லை என்று அட்டை சொல்கிறது. இதற்கு மேல் சிறிய நிலையத்தில் சமாளிப்பேன் என்பது ஆபத்து. அதற்குள் வந்து சேர்ந்திருக்கும் டாக்டர் இரு கைகளுக்கிடையே கருப்பையை அழுத்திப் பிடிக்கிறார். அக்கா 108-ஐ அழைக்கிறார். இரத்தமும் அறுவை அரங்கும் உள்ள சீமாங் மையத்துக்கு நர்ஸ் போன் செய்து, போன அளவு, நாடி, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் சொல்கிறார். மருந்து நேரம் எழுதப்படவில்லை என்றால் இந்த போனில் தடுமாற்றம் நிச்சயம். வண்டி வரும்வரை கால் முதல் வயிறு வரை இறுக்கிக் கட்டும் அதிர்ச்சி தடுப்பு உடையை மாட்டலாம். வழியில் அதைக் கழற்றக் கூடாது.

முடிந்ததும் அங்கேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். யார் தப்பு என்ற பேச்சு வந்தால் அடுத்த ஒத்திகைக்கு யாரும் மனசாரக் கலந்துகொள்ள மாட்டார்கள். எது தாமதமானது, ஏன், நாளைக் காலைக்குள் எதை மாற்றுவது என்பது போதும். மேலே சொன்ன ஒத்திகையில் விடை எளிது: ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு சாவி, பிரசவ அறை ஆணியில்.

சிறிய மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதிவு செய்யும் குடும்பத்தார் ஏசி ரூம் உண்டா என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ராத்திரியில் யார் இருப்பார்கள், ரத்தம் எங்கிருந்து எத்தனை நிமிடத்தில் வரும்? பதில் தயங்கித் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.