பட்டியலில் காணாமல் போகிறவை

பழைய பொருட்களை வாங்கி விற்கும் செயலி ஒன்றில் மிதிவண்டி தேடுகிறீர்கள். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சற்றுமுன் பார்த்த அதே சிவப்பு மிதிவண்டி மறுபடியும் வருகிறது. விற்பவர் இரண்டு முறை விளம்பரம் போட்டிருப்பார் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறீர்கள். பெரும்பாலும் அவர் ஒருமுறைதான் போட்டிருப்பார். அதை இரண்டு முறை உங்களுக்கு அனுப்பியது சர்வர்.

இந்தப் பிழைக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. வரவேண்டிய பொருள் வராமலே போவது அது. ஒரே பொருள் இரண்டு முறை வந்தால் கண்ணுக்குத் தெரியும், யாராவது புகார் சொல்வார்கள். வராத பொருளைப் பற்றி யாரும் புகார் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே இரண்டில் கொடியது இந்த இரண்டாவது பிழைதான் என்பேன்.

முடிவில்லாமல் நீளும் பட்டியல் உண்மையில் துண்டு துண்டாகத்தான் வருகிறது. கீழ்முனையை நெருங்கியதும் செயலி சர்வரிடம் அடுத்த துண்டைக் கேட்கிறது, ஒரு தடவைக்கு 20 பொருள் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடர வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? மிக எளிய வழி, "மேலிருந்து 20 விட்டுவிட்டு அடுத்த 20 கொடு" என்பது. டேட்டாபேஸ் மொழியில் இதற்கு `OFFSET 20 LIMIT 20` என்று எழுதுவார்கள். பட்டியல் அசையாமல் இருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் முதல் 20 பொருட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் புதிதாக ஒன்றைப் பதிவேற்றுகிறார். அது பட்டியலின் தலையில் போய் உட்கார, எல்லாமே ஓர் இடம் கீழே இறங்கிவிடுகிறது. 20-ஆவது இடத்தில் இருந்த சிவப்பு மிதிவண்டி இப்போது 21-ஆவது. மேலே உள்ள 20-ஐ விட்டுவிட்டுக் கொடு என்றதும் முதலில் வருவது அதுதான்.

இதையே திருப்பிப் போட்டால், நீங்கள் பார்த்த 20-ல் ஒன்று விற்றுப்போய் நீக்கப்படுகிறது. எல்லாம் ஓர் இடம் மேலே ஏறுகிறது. 21-ஆவதாக இருந்தது 20-ஆவது ஆகிவிட்டது. சர்வர் அதையும் சேர்த்து விட்டுவிடுகிறது. இனி நீங்கள் எவ்வளவு கீழே போனாலும் அது வராது.

ஒரு பொருள்தானே என்று தோன்றலாம். ஓர் அலுவலகத்தில் நிலுவையில் உள்ள 100 மனுக்களை ஒரு நிரல் எடுத்து முடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நிலுவையில் உள்ளவற்றை மட்டும் கேட்டு, 20, 20 ஆக வாங்கி, ஒவ்வொன்றையும் 'முடிந்தது' என்று குறிக்கிறது. முதல் தடவை 1 முதல் 20 வரை முடிகிறது. குறித்தவுடன் அவை நிலுவைப் பட்டியலை விட்டுப் போய்விடுகின்றன. மீதி 80. நிரல் இப்போது "முதல் 20-ஐ விட்டுவிட்டு" என்று கேட்கிறது. விடுபடுவது 21 முதல் 40 வரையுள்ள, இன்னும் தொடப்படாத மனுக்கள். 41 முதல் 60 வரை முடிகின்றன, மீதி 60. அடுத்து "40-ஐ விட்டுவிட்டு" என்றதும் 81 முதல் 100 வரை கிடைக்கின்றன. மீதி 40. "60-ஐ விட்டுவிட்டு" என்று கேட்டால் ஒன்றுமில்லை. வேலை முடிந்தது என்று நிரல் நின்றுவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. 40 மனுக்கள் அப்படியே கிடக்கின்றன.

மறுபடி வரும் பொருட்களைச் செயலியிலேயே வடிகட்டிவிடும் பழக்கம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண் இருப்பதால், ஏற்கெனவே திரையில் உள்ள எண் மீண்டும் வந்தால் அதைத் தள்ளிவிடுவார்கள். விரல் வேகத்தில் ஒரே துண்டை இரண்டு முறை கேட்டுவிடும் கோளாறுக்கு இது உதவும். ஆனால் விடுபட்டதை எந்த வடிகட்டியும் மீட்டுத் தராது. சர்வரில் சிக்கல் இருக்கிறது என்பதற்கு இருந்த ஒரே வெளி அடையாளத்தையும் அது துடைத்துவிடுகிறது. சர்வரைச் சரிசெய்யாமல் இதை மட்டும் செய்துவிட்டு நகர்வது எனக்குச் சம்மதமில்லை.

சரியான வழி, இடத்தை எண்ணாமல் பொருளைப் பிடித்துக்கொள்வது. கூட்டமான வரிசையில் நிற்பவர் "நான் பதினேழாவது ஆள்" என்று நினைவு வைத்துக்கொள்வதில்லை. "அந்த நீலச் சட்டைக்காரருக்குப் பின்னாடி நான்" என்றுதான் சொல்லிவைப்பார். முன்னால் எத்தனை பேர் நுழைந்தாலும், விலகினாலும் அந்தக் கணக்கு கெடாது. இப்படிக் கடைசியாகப் பார்த்ததைச் சுட்டும் குறிப்புக்குக் கர்சர் என்று பெயர். "இதற்குப் பிந்தைய 20 கொடு" என்று கேட்டால் மேலே என்ன நடந்தாலும் கவலையில்லை.

ட்விட்டர் நிறுவனம் வெளி நிரலாளர்களுக்குத் தந்த வசதியில் இதைச் செய்தது. `max_id` என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைவிடப் பழைய பதிவுகள் கிடைக்கும். ஆனால் கொடுத்த எண்ணுக்கு உரிய பதிவும் அதில் சேர்ந்தே வரும். கடைசிப் பதிவின் எண்ணை அப்படியே கொடுத்தால் அந்த ஒரு பதிவு ஒவ்வொரு துண்டின் தலையிலும் மறுபடி வந்து நிற்கும். ஆகவே ஒன்றைக் கழித்துக் கொடுங்கள் என்று அவர்களின் வழிகாட்டியே சொன்னது. கழிப்பதிலும் ஒரு பள்ளம் இருந்தது. 2010-ல் வந்த ஸ்னோஃப்ளேக் முறையில் பதிவு எண்கள் 64 பிட் நீளத்துக்கு வளர்ந்தன. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வழக்கமான எண்வகை 53 பிட் வரைதான் முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். அதில் 90071992547409921 என்று எழுதினால் 90071992547409920 என்றுதான் நிற்கும். இந்த எண்ணைக் கர்சராக வைத்தால் அது வேறு பதிவைச் சுட்டும். இதற்காகவே பதிவு எண்ணை எழுத்துச் சரமாகவும், `id_str` என்ற பெயரில், ட்விட்டர் அனுப்பியது.

கர்சருக்கு மாறிய பிறகும் பிழை வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். எதை வைத்து வரிசைப்படுத்துகிறோமோ அது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இருப்பதில்லை. பதிவேற்றிய நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கடைக்காரர் எக்செல் தாளில் இருந்து 50 பொருட்களை ஒரே மூச்சில் ஏற்றுகிறார். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் `now()` என்பது அந்தப் பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தைத் தரும். ஒரே பரிவர்த்தனையில் ஏறிய 50-க்கும் மைக்ரோ விநாடி வரை நேரம் ஒன்றே. முதல் துண்டில் அவற்றில் 20 வந்துவிட்டன. "இந்த நேரத்துக்கு முந்தையவை" என்று அடுத்துக் கேட்டால் மீதி 30-ம் ஒரேயடியாக மறைகின்றன. பதற்றத்தில் யாராவது "இந்த நேரமோ அதற்கு முந்தையதோ" என்று மாற்றினால் இன்னும் மோசம். அதே 20 திரும்பத் திரும்ப வந்து, பட்டியல் அந்த இடத்தைத் தாண்டவே தாண்டாது.

இதற்கு மருந்து, நேரத்தோடு அடையாள எண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்தி, கர்சரிலும் இரண்டையும் வைப்பது. நேரம் சமமாக இருந்தால் எண் முடிவு செய்யும்.

```sql
SELECT id, title, created_at
FROM items
WHERE (created_at, id) < ('2024-06-03 10:15:07.482913', 8841)
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 20;
```

`ORDER BY` வரியில் உள்ள இரண்டும் `WHERE` வரியிலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்றில் எண்ணைச் சேர்த்து மற்றதில் மறந்துவிடுவது நிரல்களில் அடிக்கடி காணும் தவறு.

இவ்வளவு சரியாக எழுதிய பிறகும் அந்த 30 பொருட்கள் மறுபடி காணாமல் போகலாம். மேலே உள்ள நேரத்தைக் கவனியுங்கள், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள். போஸ்ட்கிரெஸ் அந்த அளவுக்கு நுணுக்கமாக வைத்திருக்கும். கர்சர் வழியில் எங்காவது ஜாவாஸ்கிரிப்டின் `Date` வகைக்குள் போய்வந்தால் மூன்று இலக்கம்தான் மிஞ்சும். 07.482913 என்பது 07.482 ஆகிவிடும். நம் 50 பொருட்களின் நேரம் இந்த நறுக்கப்பட்ட நேரத்தைவிடப் பிந்தியது. அதற்கு முந்தையவற்றைத்தான் கேட்கிறோம் என்பதால் மீதி 30-ம் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. நேரமே சமமாக இல்லாதபோது அடையாள எண் ஒப்பிடப்படுவதே இல்லை. கேள்வியை எத்தனை முறை படித்தாலும் தவறு தெரியாது, ஏனென்றால் தவறு அதில் இல்லை. ஆகவே டேட்டாபேஸ் தந்த நேரத்தை எழுத்துச் சரமாகவே கர்சருக்குள் வைத்து, சரமாகவே திருப்பிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

கர்சராலும் தீராத இடம் ஒன்று உண்டு. விருப்பக் குறிகளின் எண்ணிக்கைப்படி அடுக்கிய பட்டியலில் வரிசையை நிர்ணயிக்கும் எண்ணே மாறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் 45 விருப்பம் பெற்ற பதிவு வரை வந்துவிட்டீர்கள். கீழே 40-ல் இருந்த, இன்னும் நீங்கள் பார்க்காத பதிவு அதற்குள் 60-க்கு ஏறினால் அது உங்களுக்கு மேலே போய்விடும். நீங்கள் பார்த்துவிட்ட 46 ஒன்று 44-க்கு இறங்கினால் மீண்டும் எதிரே வரும். இங்கே செய்யக்கூடியது, பட்டியலைத் திறந்த கணத்தில் முதல் சில நூறு பதிவுகளின் எண்களை அப்போதைய வரிசையில் சர்வரில் உறையவைத்து, அதிலிருந்து துண்டு துண்டாகக் கொடுப்பது. வரிசை சற்றுப் பழையதாகிவிடும், மேலே இழுத்துப் புதுப்பித்தால் புதிய வரிசை கிடைக்கும். அதுவரை எதுவும் இடம் மாறாது.

இந்தப் பிழைகள் சோதனையில் ஏன் மாட்டுவதில்லை என்றால், சோதிப்பவர் அசையாத தரவில், தனியாளாகப் பார்க்கிறார். பிடிக்க வேண்டுமானால் ஒரு துண்டுக்கு 20 என்பதை 2 ஆகக் குறையுங்கள். ஒரே நேரம் பதிந்த ஐந்து பொருட்களை உள்ளே வையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் மேலே ஒன்றைச் சேர்த்து, ஏற்கெனவே பார்த்ததில் ஒன்றை நீக்குங்கள். கர்சர் சுட்டும் பொருளையே ஒருமுறை நீக்கிப் பாருங்கள். கர்சரில் அடையாள எண்ணை மட்டும் வைத்து, மற்றதை டேட்டாபேஸில் தேடி எடுக்கும் நிரல் அங்கே விழும், நேரத்தையும் எண்ணையும் கையோடு கொண்டுபோகும் நிரல் விழாது. கடைசி வரை வந்த அடையாள எண்களை எழுதிவைத்து, தொடங்கும்போது இருந்து இறுதிவரை நீக்கப்படாத பொருட்களின் எண்களோடு ஒப்பிடுங்கள். எழுதியதில் ஓர் எண் இரண்டு முறை இருந்தால் மறுபதிப்பு, இருக்க வேண்டிய எண் இல்லாவிட்டால் விடுபாடு.