அலுவலக மெயிலும் வீட்டு மெயிலும் கலக்காமல் இருக்க

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் ஒருவர், வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிலேயே அலுவலக முகவரியும் சொந்த முகவரியும் இருக்கின்றன. வந்த மெயிலைப் படிக்கும்வரை தொல்லை இல்லை. எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதுமே வாடிக்கையாளர் செல்வராஜும் சித்தப்பா செல்வமும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். நாம் யாருக்கு மெயில் அனுப்பினாலும் தண்டர்பேர்டு அந்த முகவரியைத் தானாகவே குறித்துக்கொள்ளும். எந்தக் கணக்கிலிருந்து அனுப்பினோம் என்று பிரித்து வைக்காது. அவசரத்தில் ஒரு வாடிக்கையாளரின் பான் கார்டு நகல் சித்தப்பாவுக்குப் போய்விடலாம்.

இரண்டு வேலைக்கும் தனித்தனி புரொஃபைல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். புரொஃபைல் என்பது உண்மையில் ஒரு ஃபோல்டர்தான். முகவரிப் புத்தகம், சேமித்த பாஸ்வேர்டுகள், ஃபில்டர்கள், இறக்கிவைத்த மெயில்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். தண்டர்பேர்டு ஒரு புரொஃபைலில் திறந்திருக்கும்போது அடுத்த புரொஃபைலின் முகவரிப் புத்தகத்தைத் தொடவே தொடாது. செல்வம் சித்தப்பா அலுவலகப் பட்டியலில் எட்டிப் பார்க்க வழியே இல்லை.

விண்டோஸில் இதைச் செய்ய, முதலில் தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட வேண்டும். பிறகு விண்டோஸ் பட்டனுடன் R-ஐ அழுத்தினால் வரும் சிறிய கட்டத்தில் இப்படித் தட்டுங்கள்:

```
thunderbird.exe -P
```

புரொஃபைல்களின் பட்டியல் திறக்கும். ஏற்கெனவே இருப்பது வீட்டுக்கு இருக்கட்டும். Create Profile என்பதை அழுத்தி, office என்று புதிதாக ஒன்றுக்குப் பெயர் கொடுங்கள். எந்த ஃபோல்டரில் வைப்பது என்று கேட்கும் இடத்தில் அது காட்டுவதையே ஏற்றுக்கொள்வது நல்லது. சிலர் Documents ஃபோல்டரையே காட்டிவிடுகிறார்கள். பின்னால் அந்த புரொஃபைலை ஃபைல்களோடு நீக்கினால், Documents-இல் இருந்த மற்றதெல்லாம் சேர்ந்து அழிந்துவிடும்.

அதே பட்டியலில், கேட்காமலே திறக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கும்: Use the selected profile without asking at startup. அதை எடுத்துவிட்டால், தண்டர்பேர்டைத் திறக்கும்போதெல்லாம் எந்த புரொஃபைல் வேண்டும் என்று கேட்கும். ஒரு நாளைக்குப் பல தடவை திறந்து மூடுபவருக்கு இது சலித்துப்போகும். அவர் டெஸ்க்டாப்பில் இரண்டு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாம். ஷார்ட்கட்டின் Properties-இல் Target என்ற கட்டத்தில், ஏற்கெனவே இருக்கும் வரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேர்த்தால் போதும்:

```
-P "office" -no-remote
```

வீட்டு ஷார்ட்கட்டில் office-க்குப் பதில் பழைய புரொஃபைலின் பெயர். இப்படித் திறந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் வேலை பார்க்கலாம். ஆனால் ஒரே புரொஃபைலை இரண்டு தடவை திறக்க விடாது; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும். தீம் புரொஃபைலுக்குப் புரொஃபைல் மாறுவது என்பதால், அலுவலகத்துக்குக் கறுப்பு, வீட்டுக்கு வெள்ளை என்று வைத்துவிடுவது என் சிபாரிசு. எந்த ஜன்னலில் எழுதுகிறோம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அலுவலகக் கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றும்போது அது ஐமேப்பா, பாப்பா என்று பாருங்கள். ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரிலேயே இருக்கும். புதிய புரொஃபைலில் கணக்கைச் சேர்த்ததும் தானே வந்துவிடும். பாப் முறையில் இறக்கிய மெயில்கள் பழைய புரொஃபைலில் மட்டுமே இருக்கலாம். அவற்றை எடுத்துச் சேர்க்கும்வரை பழைய கணக்கை நீக்காதீர்கள்.

ஒருநாள் தண்டர்பேர்டு திறந்ததும் எந்த மெயிலும் இல்லாமல், புதிதாகக் கணக்கு சேர்க்கச் சொல்லி நின்றால் பதறி எதையும் தட்டாதீர்கள். பெரும்பாலும் வேறொரு காலி புரொஃபைல் திறந்திருக்கும். மறுபடி நிறுவிய பிறகு இப்படி நடப்பதுண்டு. மூடிவிட்டு, மேலே சொன்ன -P கட்டளையைக் கொடுத்து பழைய பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

புரொஃபைலுக்குப் பூட்டு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதே விண்டோஸ் கணக்கில் உட்காரும் யாரும் பட்டியலில் office-ஐத் தொட்டுத் திறந்துவிடலாம். தண்டர்பேர்டில் Primary Password வைத்தாலும் சேமித்த பாஸ்வேர்டுகளுக்குத்தான் அது காவல். கம்ப்யூட்டரில் இறங்கிவிட்ட மெயில்களை நோட்பேடில் திறந்தேகூடப் படிக்க முடியும். வாடிக்கையாளரின் வரி விவரங்கள் வீட்டில் மற்றவர் கண்ணில் படக் கூடாது என்றால், அலுவலக வேலைக்கென்று பாஸ்வேர்டுடன் தனி விண்டோஸ் கணக்கு வைத்துக்கொள்வதே சரி.