போனவர்களை மட்டும் எண்ணினால் போதுமா?

படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தின் அலுவலகத்தில் கணக்கெடுக்கும் பணியில் இருந்தேன். மாதச் சந்தா கட்டி வரும் உறுப்பினர்கள் அங்கே இரண்டு வழிகளில் சேர்ந்தார்கள். பேரங்காடிகளில் சாவடி போட்டு, "முதல் மாதம் இலவசம்" என்று சொல்லிச் சேர்ப்பது பழைய வழி. உறுப்பினர் ஒருவர் தம் நண்பரை அழைத்துவந்தால் இருவருக்கும் சலுகை தருவது புதிய வழி. புதிய வழி தொடங்கி ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன.

எந்த வழியில் சேர்ந்தவர்கள் அதிக காலம் நிலைக்கிறார்கள் என்று மேலாளர் கேட்டார். விலகிப்போனவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை மாதம் இருந்தார் என்று பார்த்துச் சராசரி எடுத்தேன். சாவடியில் சேர்ந்தவர்கள் ஆறு மாதங்களுக்கு மேல் இருந்திருந்தார்கள். நண்பர் வழியில் வந்தவர்கள் நான்கு மாதம்கூட இருக்கவில்லை. நண்பர் திட்டத்தை நிறுத்திவிடலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

அதைப் படித்த மூத்த அதிகாரி ஒருவர் என்னை அழைத்தார். அலுவலகத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"தம்பி, திட்டம் ஆரம்பிச்சே ஒன்பது மாசம்தான். இதுல சேர்ந்து விலகினவங்க ஒன்பது மாசத்துக்கு மேல எப்படி இருந்திருக்க முடியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் எண்ணியது போனவர்களை மட்டுமே. நண்பர் வழியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் போகவேயில்லை, அவர்கள் என் கணக்கில் எங்குமே இல்லை. அக்கா அன்று எனக்குக் காட்டிய நிலைப்பு வளைகோடு என்ற முறையைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முடிவு தெரியாதவர்களை என்ன செய்வது?

ஓர் உறுப்பினர் ஐந்து மாதமாக இருக்கிறார், இன்னும் விலகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் மொத்தம் எத்தனை மாதம் இருப்பார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் ஐந்து மாதம் நிலைத்தார் என்பது உறுதியாகத் தெரியும். அவரைக் கணக்கிலிருந்து நீக்கினால் அந்த உறுதியான செய்தியை வீணாக்குகிறோம். ஐந்தாம் மாதத்தில் விலகியவராக எழுதிக்கொண்டால் பொய் சொல்கிறோம்.

இந்தச் சிக்கலுக்கு எட்வர்ட் கப்லான், பால் மையர் என்ற இரு அமெரிக்கர்கள் 1958இல் கூட்டாக வெளியிட்ட கட்டுரையில் வழி சொன்னார்கள். கப்லான் தொலைபேசிக் கருவிகளில் பயன்பட்ட வெற்றிடக் குழாய்களின் ஆயுளை ஆராய்ந்தவர். மையர் மருத்துவத் துறையில் நோயாளிகள் பற்றிய கணக்குகளைக் கையாண்டவர். குழாயோ மனிதரோ, ஆய்வு முடியும் நாளில் சிலர் இன்னும் "இருக்கிறார்கள்" என்பதுதான் இருவருக்கும் பொதுவான தொல்லை. சந்தாதாரர்களிடமும் அதே தொல்லைதான்.

அவர்கள் சொன்ன வழி எளிமையானது. ஒவ்வொரு மாதத்திலும் அந்த மாதம் வரை உண்மையாகவே நம் கண்ணில் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அந்த மாதம் விலகினார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும். விலகாமல் தங்கிய பங்கை மாதம் மாதமாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஐந்து மாதம் ஆன உறுப்பினர் ஐந்தாம் மாதம் வரை வகுக்கும் எண்ணில் இருப்பார். அதன்பின் விலகியவராகவும் எண்ணப்படாமல், நின்றவராகவும் எண்ணப்படாமல் ஒதுங்கிக்கொள்வார்.

ஒரு சிறு கணக்கு

விளக்கத்துக்காக நானே அமைத்த எண்களைக் கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு வழியிலும் பத்துப் பேர்.

நண்பர் வழியில் மூவர் விலகினார்கள்: 2, 3, 6ஆம் மாதங்களில். மற்ற எழுவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து 3, 4, 5, 7, 8, 8, 9 மாதங்கள் ஆகின்றன.

இரண்டாம் மாதத்தில் பத்துப் பேர் நின்றார்கள், ஒருவர் விலகினார். தங்கிய பங்கு 9/10, அதாவது 90 விழுக்காடு. மூன்றாம் மாதத்தில் ஒன்பது பேர் நின்றார்கள், ஒருவர் விலகினார். 90ஐ 8/9ஆல் பெருக்கினால் 80 விழுக்காடு. மூன்று மாதம் மட்டுமே ஆகி இன்னும் இருப்பவரும் அந்த ஒன்பதில் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். ஒரே மாதத்தில் ஒருவர் விலகி இன்னொருவரின் பதிவு முடிந்தால், விலகலை முதலில் எண்ணுவது வழக்கம். ஆறாம் மாதம் வருவதற்குள் 3, 4, 5 மாதங்களே ஆன மூவரும் ஒதுங்கிவிட்டார்கள். நின்றவர்கள் ஐந்து பேர், விலகியவர் ஒருவர். 80ஐ 4/5ஆல் பெருக்க, 64 விழுக்காடு. அதன்பின் யாரும் விலகவில்லை. ஆகவே ஒன்பதாம் மாதத்தில் நண்பர் வழியின் நிலைப்பு 64 விழுக்காடு.

சாவடி வழியில் எட்டுப் பேர் விலகினார்கள்: 1, 1, 1, 2, 4, 8, 14, 20ஆம் மாதங்களில். மற்ற இருவர் 11 மாதமாகவும் 24 மாதமாகவும் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே மூவர் போனதால் 70 விழுக்காடு. இரண்டாம் மாதம் 60, நான்காம் மாதம் 50, எட்டாம் மாதம் 40. ஒன்பதாம் மாதத்திலும் அதே 40.

இப்போது என் பழைய கணக்கை இதே எண்களுக்குப் போட்டுப் பாருங்கள். விலகியவர்களின் சராசரி நண்பர் வழியில் ஏறக்குறைய 3.7 மாதம், சாவடியில் 6.4 மாதம். சாவடி வென்றது போலத் தெரிகிறது. சாவடி வழி மிகப் பழையது, 14 மாதமும் 20 மாதமும் இருந்து விலக அதில் காலம் இருந்தது. புதிய வழியில் அந்தக் காலமே இல்லை. இன்றைக்கு மீதம் இருப்போரை மட்டும் எண்ணுவதும் தவறுதான். நண்பர் வழியில் பத்துக்கு எழுவர், சாவடியில் பத்துக்கு இருவர் என்று சொன்னால், அது புதிய வழிக்கு இல்லாத பெருமையைத் தந்துவிடும். நேற்றுச் சேர்ந்தவர் இன்று இருப்பதில் வியப்பில்லை. இரண்டு வழிகளையும் ஒரே வயதில், ஒன்பதாம் மாதத்தில் வைத்துப் பார்த்தால்தான் 64க்கு 40 என்ற நியாயமான ஒப்பீடு கிடைக்கிறது.

உறுப்பினர் பட்டியல் நீளமானால் கையால் போட வேண்டியதில்லை. ஆர் என்ற இலவச மென்பொருளில் சில வரிகளே போதும். இதில் `months` என்பது இருந்த மாதங்கள். `left` விலகியவருக்கு 1, இன்னும் இருப்பவருக்கு 0. `channel` சேர்ந்த வழி.

```
library(survival)
fit <- survfit(Surv(months, left) ~ channel, data = m)
summary(fit, times = 9)
plot(fit)
survdiff(Surv(months, left) ~ channel, data = m)
```

கடைசி வரி லாக்-ரேங்க் சோதனை. இரண்டு வழிகளுக்கும் வேறுபாடே இல்லை என்றால் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வழியிலிருந்தும் எத்தனை பேர் போயிருக்க வேண்டும் என்று அது எண்ணுகிறது. நம் கணக்கில் முதல் மாதம் இருபது பேரில் மூவர் போனார்கள். வேறுபாடு இல்லையென்றால் ஒவ்வொரு வழியிலும் ஒன்றரைப் பேர் போயிருக்க வேண்டும். நடந்தது சாவடியில் மூவர், நண்பர் வழியில் ஒருவரும் இல்லை. இத்தகைய இடைவெளிகளை எல்லா மாதங்களுக்கும் கூட்டி, அது தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதானா என்று சோதனை சொல்லும். பத்துப் பேரை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருந்தால்தான் இந்தச் சோதனைக்கு வலு உண்டு.

கோட்டின் வடிவமும் வாலும்

வளைகோட்டைத் தாளில் வரைந்து பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் விளங்கியது. சாவடிக் கோடு முதல் மாத முடிவில் செங்குத்தாக விழுந்தது. இலவச மாதம் முடிந்து முதல் சந்தா வரும் நேரம் அது. அந்தப் பள்ளத்தைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தால், முதல் மாத முடிவில் நின்ற 70இல் ஒன்பதாம் மாதம் 40 மீதம், அதாவது 57 விழுக்காடு. நண்பர் வழியின் 64க்கு அது அவ்வளவு தூரமில்லை. சாவடி மோசமான வழி என்று எழுதுவதைவிட, இலவசத்துக்காக வந்தவர்கள் இலவசம் முடிந்ததும் போகிறார்கள் என்று எழுதுவதே சரி. முன்னதை நம்பினால் சாவடியில் நிற்பவர்களின் வேலை போகும். பின்னதை நம்பினால் சலுகையை மாற்றிப் பார்க்கலாம்.

கோட்டின் வால் பகுதியில் ஏமாறுவது எளிது. நம் கணக்கில் ஒன்பதாம் மாதத்தில் நண்பர் வழியில் நிற்பவர் ஒரே ஒருவர். அவர் அந்த மாதம் விலகியிருந்தால் கோடு 64இலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்திருக்கும்! அதனால் படத்தின் அடியில் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற எண்களைக் கட்டாயம் எழுத வேண்டும். அந்த எண் மிகச் சிறியதாகும் இடத்துக்கு அப்பால் கோடு காட்டுவதை நம்பி முடிவு எடுக்கக் கூடாது.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

அறிக்கையைத் திருத்தி எழுதும்போது நான் மறுபடியும் ஒரு குழியில் விழ இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நிலையம் தன் மென்பொருளை மாற்றியிருந்தது. மாற்றிய நாளில் உறுப்பினர்களாக இருந்தவர்களின் விவரங்களை மட்டுமே புதியதில் ஏற்றினார்கள். அதற்கு முன்பே விலகியவர்கள் பதிவேட்டிலிருந்து மறைந்துபோனார்கள். அந்தக் காலத்தில் சாவடியில் சேர்ந்து ஒரு மாதத்தில் ஓடியவர் ஒருவர்கூட என் பட்டியலில் இல்லை. நெடுங்காலம் இருந்தவர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். இதனால் சாவடிக் கோடு உண்மையைவிட உயரமாக நின்றது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மாற்றத்துக்கு முன் சேர்ந்தவர்களுக்கு ஒரு கோடும், பின் சேர்ந்தவர்களுக்கு ஒரு கோடும் தனித்தனியே வரையுங்கள். முன் சேர்ந்தவர்களின் கோடு தொடக்க மாதங்களில் யாருமே விலகாமல் மேசைபோலத் தட்டையாக இருந்தால், விலகியவர்கள் அழிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். மருந்தும் எளிது. மாற்றிய நாளில் பத்து மாதம் முடித்திருந்தவரைப் பதினோராம் மாதத்திலிருந்து மட்டுமே நிற்பவர்களில் ஒருவராக எண்ண வேண்டும். முதல் பத்து மாதங்களில் அவர் விலகியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது, எனவே அந்த மாதங்களில் அவரை எண்ண நமக்கு உரிமை இல்லை. நம் மென்பொருளின் `survfit` வரியில் `Surv(entry, months, left)` என்று, கண்ணில் படும் முன்பே முடித்திருந்த மாதங்களையும் சேர்த்து எழுதினால் போதும்.

இவ்வளவு செய்த பிறகும் வளைகோடு சொல்லாத ஒன்று உண்டு. நண்பர் வழியில் வந்தவர்கள் நிலைப்பதற்குக் காரணம் அந்தத் திட்டமா, உடன் பயிற்சி செய்ய ஒரு நண்பர் இருப்பதா என்பதை அது பிரித்துக் காட்டாது. சலுகையை இரட்டிப்பாக்கி, முன்பின் தெரியாதவர்களை எல்லாம் "நண்பர்" என்று அழைத்துவந்தால் அடுத்த கோடு வேறு மாதிரி இருக்கலாம்.

திருத்திய அறிக்கையில் நண்பர் திட்டத்தை நிறுத்தும் பரிந்துரையை எடுத்துவிட்டேன். சாவடியில் முதல் மாத இலவசத்துக்குப் பதிலாக மூன்றாம் மாதத்தை இலவசமாக்கிப் பார்க்கலாம் என்று எழுதினேன். அக்கா படத்தை ஒருமுறை பார்த்தார். கோட்டின் அடியில் இருந்த சிறிய எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போய், கடைசி எண்ணில் நிறுத்தி, "இதுக்கு மேல உள்ள கோட்டை அழிச்சிடு தம்பி" என்றார். அழித்துவிட்டுத்தான் மேலாளரிடம் கொடுத்தேன்.