சீட்டில் எழுத வேண்டிய மணி

குமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மரத்தின் மீதே விழும், காலடியில் கிடக்கும் சருகு இருட்டில்தான் இருக்கும். அப்படி ஒரு தொழிலாளியைக் காலை 5.40-க்குக் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

கூட வேலை செய்பவர்கள் முதலில் அவரை நடக்க விடாமல் உட்கார வைக்க வேண்டும். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். செருப்பு, மெட்டி, கொலுசு எதுவானாலும் வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, காலை மட்டையோடு சேர்த்து அசையாதபடி கட்டி, தூக்கிச் செல்ல வேண்டும். கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. யாராவது கட்டிவிட்டால் வழியில் அவிழ்க்காமல், கட்டிய நேரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தேங்கிய விஷம் ஒரேயடியாக உடலுக்குள் இறங்கும் ஆபத்து இருப்பதால், அவிழ்ப்பது மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

108-ஐ அழைத்துவிட்டு, மேஸ்திரி ஒரு சீட்டில் எழுதட்டும்: கடி 5.40, இடது கணுக்கால். 6.10, வீக்கம் ஆடுசதை வரை (பேனாவால் கோடு போட்டாயிற்று). 6.40, ஈறில் ரத்தம்.

7.10-க்கு மருத்துவமனை. அங்கே 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் இந்தச் சோதனை தவறாகக் காட்டக்கூடும். உறைந்துவிட்டாலும் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 24 மணி நேரம் வைத்திருந்து மறுபடி மறுபடி பார்க்க வேண்டும்.

நம் ஆளுக்கு உறையவில்லை. 7.40-க்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து சலைனில் கலந்து ஏறத் தொடங்குகிறது. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த உறைதல் சோதனை ஆறு மணி நேரம் கழித்து. உறைய வைக்கும் பொருள்களைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும்.

சிறுநீர் குறைந்தால் டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிவரும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: மருந்து கையிலிருந்தும் போடாமல், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். தொடங்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பரிந்துரைச் சீட்டில் எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு, சோதனை முடிவு என்ன, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதெல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள மருத்துவர் முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கே செய்யப்படுகிறது. தோட்டங்களில் உள்ள, மூக்கு நுனி மேலே தூக்கிய சிறிய குழிவிரியனுக்கு இது உதவாது. அதன் கடியிலும் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். அதனால் பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள். தூரத்திலிருந்து ஒரு செல்போன் படம் கிடைத்தால், அதைச் சீட்டோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.